பெருங்குழுவின் பழைய பேச்சு எங்கே போகிறது?

1991 ஆகஸ்ட் 6 அன்று alt.hypertext என்ற பொதுக் குழுவில் டிம் பெர்னர்ஸ்-லீ, தான் உருவாக்கிவரும் உலகளாவிய வலைத் திட்டம் என்னவென்று விளக்கி ஒரு பதிவு இட்டார். அதே மாதம் 25ஆம் தேதி ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், comp.os.minix என்ற இன்னொரு குழுவில், பொழுதுபோக்காக ஒரு இலவச இயங்குதளம் எழுதி வருவதாகவும் அதில் என்னென்ன வேண்டும் என்று உறுப்பினர்கள் சொல்லலாம் என்றும் எழுதினார். முன்னது இன்றைய உலகளாவிய வலையின் பொது அறிமுகம். பின்னது லினக்ஸின் தொடக்கம். அந்த இரண்டு பதிவுகளையும் இன்றும் நம்மால் படிக்க முடிகிறது. ஆனால் அவை எழுதப்பட்ட குழுக்களை அவற்றின் போக்கில் விட்டிருந்தால், பெரும்பாலான கணினிகளிலிருந்து சில வாரங்களுக்குள் இரண்டுமே மறைந்திருக்கும். வேண்டாதவர்கள் அழித்ததால் அல்ல, குழுக்கள் நடந்த முறையே அப்படி.

அந்தக் குழுக்கள் இருந்த இடம் யூஸ்நெட். 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இரு மாணவர்கள் திட்டமிட்டு, 1980இல் நடைமுறைக்கு வந்த பொது உரையாடல் வலை. அதில் ஆயிரக்கணக்கான குழுக்கள் உண்டு. நிரல்மொழிக்கு comp.lang.c, பண்பாட்டுப் பேச்சுக்கு soc.culture என்று தொடங்கும் வரிசை, அந்த வரிசையில் தமிழர்களுக்கு soc.culture.tamil. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம். யூஸ்நெட் இன்றும் இயங்குகிறது. பொதுக் குழு ஒன்று ஏன் அண்மைக் காலத்தை மட்டும் காட்டுகிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகப் பார்க்க வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. நாம் இன்று பயன்படுத்தும் பல செயலிகளில் அந்த முடிவு ஒரு நிறுவனத்தின் உள்ளறையில் எடுக்கப்படுகிறது. யூஸ்நெட்டிலோ அது ஒரு சிறிய கோப்பில், சில வரிகளில் எழுதப்பட்டிருக்கும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். யூஸ்நெட்டுக்குத் தலைமையகம் இல்லை. ஒருவர் தன் சர்வரில் ஒரு பதிவு இட்டால், அந்தச் சர்வர் அதன் நகலைத் தனக்குத் தெரிந்த சர்வர்களுக்குக் கொடுக்கும். அவை தமக்குத் தெரிந்தவற்றுக்குக் கொடுக்கும். இப்படியே உலகம் முழுக்கப் பரவும். ஆகவே ஒரு குழு என்பது ஓரிடத்தில் இருக்கும் பொருள் அல்ல. ஒவ்வொரு சர்வரிலும் அதன் நகல் ஒன்று இருக்கிறது, அந்த நகலின் நீளம் அந்தச் சர்வரை நடத்துபவரின் வட்டு எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. எல்லாவற்றையும் என்றைக்கும் வைத்திருக்கும் கடமை எந்தச் சர்வருக்கும் இல்லை. தொடக்க கால மென்பொருளை எழுதியவர்கள் ஒரு நாளைக்கு ஒருசில பதிவுகள் வரும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். விரைவிலேயே பல்கலைக்கழகங்களின் வட்டுகள் நிரம்பத் தொடங்கின. பழையதைக் கழித்தால்தான் புதியதற்கு இடம் என்ற நிலை அப்போதே வந்துவிட்டது.

கழிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது நாள் கணக்கு. ஐ.என்.என். என்பது பரவலாகப் பயன்படும் சர்வர் மென்பொருள். அதில் expire.ctl என்ற கோப்பு இருக்கும். அதன் முக்கியமான வரிகள் இப்படி இருக்கும்:

```
/remember/:11
*:A:1:10:never
alt.binaries.*:A:1:1:1
```

இரண்டாவது வரியைப் பாருங்கள். நட்சத்திரக் குறி எல்லாக் குழுக்களையும் குறிக்கிறது. கடைசி மூன்று இடங்களில் இருப்பவை காலக்கெடு. எழுதியவர் தன் பதிவு எப்போது காலாவதியாக வேண்டும் என்று சொல்லியிருக்காவிட்டால் 10 நாள் வைத்திரு. சொல்லியிருந்தால் அதை மதி, ஆனால் ஒரு நாளைக்குக் குறையாமல் வைத்திரு, மேல் வரம்பு கிடையாது. மூன்றாவது வரி படங்களும் பெருங்கோப்புகளும் பகிரப்படும் குழுக்களுக்கானது. எழுதியவர் என்ன கேட்டிருந்தாலும் ஒரே நாள்தான். ஒரு குழுவுக்கு இரண்டு வரிகள் பொருந்தினால் பின்னால் வரும் வரியே செல்லும். இரவில் ஒரு நிரல் ஓடி, கெடு முடிந்தவற்றை எடுத்துவிடும். காலையில் வந்து பார்ப்பவருக்குப் போன வாரப் பேச்சு இருக்கும், போன மாதப் பேச்சு இருக்காது.

முதல் வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது, அது பலரும் கவனிக்காதது. ஒவ்வொரு பதிவுக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாளம் உண்டு, Message-ID என்பார்கள். பதிவு இடப்பட்டு 10 நாள் கடந்திருந்தால் அதைச் சர்வர் புதிதாக ஏற்பதில்லை. அதற்குள் வந்தவற்றின் அடையாளங்களை 11 நாள் நினைவில் வைத்திருக்கும். ஒரே பதிவு வேறு பாதையில் சுற்றிக்கொண்டு இரண்டாம் முறை வந்தால் அடையாளத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடும். இந்த ஏற்பாடு இல்லையென்றால் ஒரு பதிவு வலைக்குள் முடிவின்றிச் சுழலும். ஆனால் இதன் மறுபக்கம் என்னவென்றால், உங்களிடம் பழைய பதிவின் நகல் பத்திரமாக இருந்தாலும் அதை அப்படியே மீண்டும் குழுவுக்குள் செலுத்த முடியாது. அதன் தேதியே அதை வெளியே நிறுத்திவிடும். சேமிப்பு என்பது குழுவுக்கு வெளியேதான் நடக்க வேண்டும்.

இரண்டாவது வழிதான் பெரிய குழுக்களின் கதை. பதிவுகள் கோடிக்கணக்கில் வரத் தொடங்கியதும், ஒவ்வொன்றாகத் தேடி அழிப்பதே சர்வருக்குப் பெரும் சுமையாயிற்று. அதனால் வட்டில் முன்கூட்டியே ஒரு பெரிய கோப்பை ஒதுக்கிவிடுகிறார்கள். பதிவுகள் வர வர வரிசையாக அதில் எழுதப்படும். கோப்பின் முடிவு வந்ததும் சர்வர் மறுபடி தொடக்கத்துக்குப் போய், அங்கிருக்கும் மிகப் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதும். கடைகளில் இருக்கும் சிசிடிவி பதிவுக் கருவி வேலை செய்வதும் இதே முறையில்தான். இங்கே யாரும் எதையும் அழிப்பதில்லை. எழுதுவதே அழிப்பது.

இப்போது நாள் கணக்கு என்ற ஒன்றே இல்லை. எவ்வளவு வேகமாகப் பேசுகிறார்கள் என்பதே எவ்வளவு பின்னோக்கிப் பார்க்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒதுக்கிய இடம் 100 ஜி.பி., அதற்குள் வரும் குழுக்களில் நாளொன்றுக்கு 2 ஜி.பி. பதிவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 நாள் வரலாறு தெரியும். உறுப்பினர்கள் பெருகி வரத்து 4 ஜி.பி. ஆனால் அது 25 நாளாகிவிடும். குழு இரண்டு மடங்கு வளர்ந்தால் அதன் கடந்தகாலம் பாதியாகிறது. அதே இடத்தை ஒரு சிறிய குழுவும் பகிர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் வருத்தமானது. நாளுக்கு 500 கே.பி. மட்டுமே எழுதும் அமைதியான ஒரு குழுவின் பதிவுகளும் அந்தப் பெருவெள்ளத்தோடு 25 நாளில் போய்விடும். அக்கறையுள்ள சர்வர் நிர்வாகி இதை உணர்ந்து, சிறிய குழுக்களுக்குத் தனியாக 1 ஜி.பி. ஒதுக்கிவிடுவார். அப்போது அதே அமைதியான குழுவுக்கு 2000 நாள், அதாவது ஏறத்தாழ ஐந்தரை ஆண்டு வரலாறு கிடைக்கும். நூறில் ஒரு பங்கு இடம் போதும், தனியாக இருந்தால்.

வெள்ளம் எப்போதும் உறுப்பினர்களிடமிருந்து வருவதில்லை. 2023இன் பிற்பகுதியில் கூகுள் குரூப்ஸ் வழியாக நுழைந்த விளம்பரக் குப்பைகள் பல தொழில்நுட்பக் குழுக்களை மூழ்கடித்தன. அப்படிப்பட்ட நாள்களில் ஒவ்வொரு குப்பைப் பதிவும் படிப்பவரின் பொறுமையைத் தின்பதோடு, யாரோ பொறுமையாக எழுதிய பழைய விடை ஒன்றின் இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. கட்டணம் வாங்கும் சில நிறுவனங்கள் வட்டுகளை வாங்கிக் குவித்துப் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட பதிவுகளையும் வைத்திருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அது வணிகம் நடக்கும் வரைதான்.

உங்கள் சர்வரில் ஒரு குழுவின் வரலாறு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை நீங்களே அறியலாம். யூஸ்நெட் சர்வரோடு பேசும் நெறிமுறையை வகுத்த ஆர்.எஃப்.சி. 3977 என்ற 2006ஆம் ஆண்டு ஆவணம் ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது:

```
GROUP misc.test
211 1234 3000234 3002322 misc.test
```

முதல் வரி நாம் கேட்பது, இரண்டாவது சர்வரின் பதில். 211 என்பது ‘சரி’ என்பதற்கான குறி. கடைசி எண் 3002322, மிகப் புதிய பதிவின் வரிசை எண். அதற்கு முந்தைய எண் 3000234, கையில் இருப்பவற்றில் மிகப் பழையது. அப்படியானால் இந்தக் குழுவில் இந்தச் சர்வர் கடந்து வந்த முதல் 30 லட்சத்துச் சொச்சம் எண்கள் போய்விட்டன. மிச்சமிருக்கும் வரம்பு 2089 எண்கள்தான். அவற்றிலும் 1234 பதிவுகளே இருப்பதாகச் சர்வர் மதிப்பிடுகிறது. நடுவே உள்ளவை திரும்பப் பெறப்பட்டிருக்கலாம், நீக்கப்பட்டிருக்கலாம். பழைய முனையின் எண்ணை வாரம் ஒரு முறை குறித்து வாருங்கள். அது எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ அவ்வளவு வேகமாகக் குழுவின் வால் எரிந்துகொண்டு வருகிறது. இந்த வேகம் தெரிந்தால்தான் சேமிப்பை மாதம் ஒரு முறை செய்தால் போதுமா, தினமும் செய்ய வேண்டுமா என்று முடிவு செய்ய முடியும்.

இப்படிப்பட்ட அமைப்பில் பழைய பதிவுகள் எப்படித்தான் பிழைத்தன? பெரும்பாலும் ஒருசில மனிதர்களின் பிடிவாதத்தால். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் கணினிகளைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஹென்றி ஸ்பென்சர். அவருடைய துறையின் கணினி utzoo என்ற பெயரில் யூஸ்நெட்டில் அறியப்பட்டிருந்தது. வட்டில் இடமில்லாமல் போனபோது அவர் பழைய பதிவுகளைத் தூக்கி எறியாமல் காந்த நாடாக்களில் ஏற்றிவைத்தார். 1981இல் தொடங்கி 1991 வரை இது நடந்தது. மொத்தம் 141 நாடாக்கள், ஏறத்தாழ 20 லட்சம் பதிவுகள். நாடாவில் இருப்பதை யாராலும் எளிதில் படிக்க முடியாது. மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வைஸ்மன் என்பவர் அவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், ஒவ்வொன்றாகப் படித்து வட்டுக்கு மாற்றும் வேலையை முன்னின்று செய்தார். 90களின் பதிவுகளைக் குறுந்தகடுகளாக வெளியிட்டுக் காத்தவர் கென்ட் லேண்ட்ஃபீல்ட். ஜெர்மனியில் யூர்கன் கிறிஸ்டாஃபல் தன் பங்குக்கு ஒரு தொகுப்பை வைத்திருந்தார்.

1995இல் டெஜா நியூஸ் என்ற நிறுவனம் யூஸ்நெட் பதிவுகளைத் தொடர்ந்து சேர்த்துத் தேடித்தரத் தொடங்கியது. 2001 பிப்ரவரியில் கூகுள் அந்தச் சேகரிப்பை வாங்கியது. மேலே சொன்ன தனி மனிதர்களின் தொகுப்புகளையும் அதோடு இணைத்து, அதே ஆண்டு டிசம்பரில் இருபது ஆண்டு வரலாறு, 70 கோடிப் பதிவுகள் என்று அறிவித்தது. அதில் மிகப் பழைய பதிவின் தேதி 1981 மே 11. இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: அந்த முதல் பத்து ஆண்டுக்கு எந்த நிறுவனமும் எதையும் சேமிக்கவில்லை. நாடாவை வாங்கிப் பெட்டியில் போட்ட உறுப்பினர்கள் இல்லையென்றால், டெஜா வந்த 1995க்கு முந்தைய பதிவுகளில் மிகச் சொற்பமே மிஞ்சியிருக்கும்.

நிறுவனத்தின் கவனம் மாறவும் செய்யும். 2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் குரூப்ஸ் யூஸ்நெட்டின் புதிய பதிவுகளைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. பழையவற்றை அங்கே தேடிப் படிக்கலாம், அந்தத் தேதிக்குப் பிறகு எழுதப்பட்டவை அங்கே இல்லை. ஆகவே இன்று ஒரு குழுவில் நடக்கும் பேச்சு வேண்டுமென்றால் உறுப்பினரே எடுத்துவைக்க வேண்டும்.

அதற்குப் பெரிய அறிவு தேவையில்லை. மின்னஞ்சல் படிக்கப் பலரும் பயன்படுத்தும் தண்டர்பேர்ட் செயலி யூஸ்நெட் குழுக்களையும் படிக்கும். குழுவில் சேர்ந்ததும் அது முதலில் தலைப்புகளை மட்டும் கொண்டுவரும், உள்ளடக்கத்தை நீங்கள் திறக்கும்போதுதான் வாங்கும். புதியவர்கள் பலர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். பட்டியலில் ஆயிரம் தலைப்புகள் தெரிவதைப் பார்த்து எல்லாம் தன் கணினியில் இருப்பதாக நம்புகிறார்கள். சர்வரில் பதிவு போய்விட்ட பிறகு தலைப்பைச் சொடுக்கினால் ‘இந்தப் பதிவு இல்லை’ என்ற பதில்தான் வரும். அதனால் குழுவின் பெயரில் வலச்சொடுக்கி Properties சென்று, Synchronization பகுதியில் இணையமில்லாதபோதும் படிக்கும்படி குழுவைக் குறித்து, Download Now கொடுக்க வேண்டும். சேர்ந்த முதல் நாளே பழையவற்றையும் முழுமையாக இறக்க விரும்பினால், 500 பதிவுகளுக்கு மேல் இறக்கும் முன் கேட்கும் கேள்விக்கு எல்லாவற்றையும் என்று பதில் சொல்லுங்கள்.

இதோடு நின்றுவிடக் கூடாது. அந்த நகல் இன்னும் சர்வரோடு கட்டுண்ட நகல். சர்வர் தன் பழைய முனையை நகர்த்தும்போது படிக்கும் செயலியும் தன் பட்டியலிலிருந்து பழையதை எடுத்துவிடக்கூடும். ஆகவே எல்லாப் பதிவுகளையும் தேர்ந்தெடுத்து, Local Folders என்பதன் கீழ் நீங்களே உருவாக்கிய உறைக்குள் Copy To மூலம் நகலெடுங்கள். அங்கே போனது உங்களுடையது, சர்வர் அதைத் தொடாது. தண்டர்பேர்ட் அந்த உறையை இயல்பாக எம்பாக்ஸ் என்ற வடிவத்தில் ஒரே கோப்பாக வைக்கிறது. பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுத்து வடிவிலேயே இருக்கும் எளிய கோப்பு அது. இன்னும் முப்பது ஆண்டு கழித்து தண்டர்பேர்ட் இல்லாவிட்டாலும் சாதாரண எழுத்துத்திருத்தியில் திறந்து படிக்க முடியும். நகலெடுத்த பின் எண்ணிச் சரிபார்ப்பது அவசியம். லினக்ஸிலும் மேக்கிலும் இது போதும்:

```
grep -ci "^Message-ID:" soc.culture.tamil
```

வரும் எண் உறையில் தெரியும் பதிவுகளின் எண்ணிக்கைக்கு அருகில் இருக்க வேண்டும். பாதிதான் வருகிறது என்றால் இறக்கம் நடுவில் நின்றிருக்கிறது.

பதிவை அதன் தலைப்பகுதி வரிகளோடு, வந்தபடியே வைக்க வேண்டும் என்பதைத் தமிழ்க் குழுக்களைச் சேமிப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழர்கள் ஆங்கில எழுத்துகளிலும், டிஸ்கி போன்ற குறியேற்றங்களிலும் எழுதினார்கள். அப்படி எழுதிய பதிவு இன்று திரையில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். அதைச் சொடுக்கி, நகலெடுத்து, வேர்டில் ஒட்டிச் சேமித்தால் சில பைட்டுகள் மாறிவிடும், பிறகு மீட்பது பெரும்பாடு. மூல பைட்டுகள் அப்படியே இருந்தால் டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எனவே முதலில் மூலம், மாற்றிய வடிவம் தனிக் கோப்பு.

சேமித்ததில் எது விடுபட்டது என்பதையும் பதிவுகளே சொல்லும். மறுமொழி ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் References என்ற வரி இருக்கும். எந்தப் பதிவுக்கு மறுமொழி, அது எதற்கு மறுமொழி என்று முன்னோர்களின் Message-ID வரிசை அதில் இருக்கும். அந்த அடையாளம் உங்கள் கோப்பில் இல்லையென்றால் அது ஓர் ஓட்டை. வரிசை எண்ணைக் கொண்டு வேறு சர்வரில் தேடிப் பயனில்லை. உங்கள் சர்வரில் 3000234 ஆக இருப்பது அடுத்த சர்வரில் வேறு எண்ணாக இருக்கும். Message-ID மட்டும் எங்கும் ஒன்றே. நீண்ட வரலாறு வைத்திருக்கும் சர்வரில் ARTICLE என்ற கட்டளையோடு அந்த அடையாளத்தைக் கொடுத்தால், இருந்தால் முழுப் பதிவும் வரும், இல்லையென்றால் 430 என்ற பதில் வரும். இரண்டு உறுப்பினர்கள் தங்கள் தொகுப்புகளை இணைக்கும்போதும் இதே அடையாளத்தால் இரட்டைகளைக் கழிக்கலாம். இன்னும் பழைய ஆண்டுகளுக்கு, இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் குழுவாரியாகச் சுருக்கி வைத்த எம்பாக்ஸ் கோப்புகள் கிடைக்கின்றன. அவற்றிலும் இடைவெளிகள் உண்டு, ஆகவே அதையும் உங்களுடையதோடு ஒப்பிட்டுச் சேர்ப்பதே நல்லது.

எல்லோரும் தங்கள் சொற்கள் நிலைக்க வேண்டும் என்று விரும்புவதில்லை. சேகரிப்புகள் பெருகியபோது உறுப்பினர்கள் ‘எங்கள் பேச்சு சில வாரங்களில் மறையும் என்று நம்பித்தானே எழுதினோம்’ என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. அதற்கு விடையாகத் தலைப்பகுதியில் X-No-Archive: yes என்ற வரி வழக்கத்துக்கு வந்தது. இந்தப் பதிவைப் பொதுச் சேகரிப்பில் வைக்காதே என்று எழுதியவர் கேட்கும் வேண்டுகோள் அது. உங்கள் சொந்தப் படிப்புக்காக உங்கள் வட்டில் வைத்திருப்பது வேறு. தொகுப்பை மற்றவர்களுக்குக் கொடுக்கும் நாள் வந்தால், முதலில் அந்த வரியுள்ள பதிவுகளைப் பிரித்தெடுத்து ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைக் கொடுங்கள். எம்பாக்ஸ் கோப்பில் அந்த வரியைத் தேடினால் எல்லாம் கிடைத்துவிடும். மற்றவர்களின் மறுமொழிகளில் மேற்கோளாக நுழைந்திருக்கும் அவர்களின் வாக்கியங்களை மட்டும் கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.